பதின்மூன்றாம் நாளில் தொடங்கிய மருந்து: எங்கள் வீட்டுக்குள் வந்த கக்குவான் இருமல்

கோத்தகிரியை அடுத்த எங்கள் ஊரில் கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் இருமல் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கிவிடும், சன்னல்களை அடைத்துவிடுவோம், விறகடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாடையும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் சென்ற கார்த்திகையில் பதின்மூன்று வயதான என் மகனுக்கு மூக்கு ஒழுகி இருமல் தொடங்கியபோது, பதினெட்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு அது குளிர்காலச் சளி என்பதைத் தவிர வேறு எண்ணமே எழவில்லை. அதே வீட்டில், அதே அறையில், பிறந்து பதினான்கு நாளே ஆன பெண் குழந்தை ஒன்று இருந்தது. என் நாத்தனார் முதல் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். குளிருக்குப் பயந்து, கணப்பு வைத்த ஒரே அறையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து படுத்துக்கொண்டோம்.

மகன் இருமத் தொடங்கிய அந்த நாளை முதல் நாள் என்று வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். கக்குவானில் எந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு இணையாக, எத்தனையாவது நாளில் கொடுக்கிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. நாள் கணக்கை நான் வைத்திருக்கவில்லை. பின்னால் மருத்துவர் கேட்டபோது, பள்ளி நாட்குறிப்பையும் குழந்தைக்குப் பெயர் வைத்த தேதியையும் கொண்டுதான் அதைக் கணக்கிட முடிந்தது. பெயர் வைத்தது குழந்தையின் பதினாறாம் நாளில், அதாவது மகனின் இருமலுக்கு மூன்றாம் நாளில். அன்று அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குழந்தையை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டான்.

முதல் ஏழெட்டு நாட்கள் அது சாதாரணச் சளியைப் போலவே இருந்தது. காய்ச்சல் இல்லை, பகலில் நன்றாக ஓடியாடினான், அரையாண்டுத் தேர்வு நெருங்கியதால் பள்ளிக்கும் அனுப்பினேன். ஆறாம் நாளில் இருமல் மருந்தோடு அமாக்சிசிலினும் கொடுத்தேன். அது என் தவறு. கக்குவானை உண்டாக்கும் பார்டெடெல்லா பெர்டூசிஸ் என்னும் பாக்டீரியாவை அமாக்சிசிலின் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் அகற்றுவதில்லை. ஒரு நுண்ணுயிர்க்கொல்லி உள்ளே போயிருக்கிறது என்ற நிம்மதியை மட்டும் அது எனக்குக் கொடுத்தது, அந்த நிம்மதியால் மேலும் ஒரு வாரம் கழிந்தது.

ஒன்பதாம் நாள் இரவில் இருமிய வேகத்தில் சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். பன்னிரண்டாம் நாள் இரவு நான் விளக்கைப் போட்டபோது அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். இடையில் மூச்சை இழுக்கவே முடியாமல் பதினைந்து, இருபது முறை தொடர்ந்து இருமினான், முகம் கன்றிச் சிவந்து கருத்தது, கண்ணில் நீர் வழிந்தது, கடைசியில் சேவல் கூவுவதைப் போன்ற ஓசையோடு மூச்சை உள்ளே இழுத்து, கயிறு போன்ற கோழையைக் கக்கினான். என் அத்தை பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "இது சளி இல்லம்மா, கக்குவான். இவன் பெரியப்பாவுக்குச் சின்ன வயசுல இப்படித்தான் வந்துச்சு. அந்தச் சத்தத்த நான் மறக்கவே மாட்டேன்."

அந்தப் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கக்குதல் என்றால் வாந்தி எடுத்தல். இருமலின் முடிவில் வரும் வாந்தியை வைத்தே நம் முன்னோர் இந்த நோய்க்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கூவும் ஓசை எல்லோரிடமும் கேட்பதில்லை. வளர்ந்த பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் அது பெரும்பாலும் இருக்காது, இரண்டு மூன்று மாதக் கைக்குழந்தைகளிடமும் இருக்காது. ஆனால் காய்ச்சல் இல்லாமல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய், இரவில் அடுக்கடுக்காக வந்து வாந்தியில் முடியும் இருமலை இந்த நோயின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் நாளிலேயே அந்த அடையாளம் என் கண்ணில் பட்டிருந்தது.

மறுநாள், அதாவது பதின்மூன்றாம் நாள் காலையில், குன்னூரில் உள்ள குழந்தை மருத்துவரிடம் மகனையும் நாத்தனாரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். சிம்ஸ் பூங்காவைக் கடந்து போகும்போது பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தைப் பார்த்தேன். தொண்டை அடைப்பான், கக்குவான், வில்வாத நோய் ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு மருந்தைத் தயாரித்து வந்த நிறுவனம் அது. அந்த மருந்து உருவான மலையிலேயே, என் வீட்டிலேயே, இந்த நோய் வந்திருக்கிறதே என்ற எண்ணம் வழிநெடுக மனத்தைக் குத்தியது. மகனுக்கு ஐந்து வயதில் போட வேண்டிய ஊக்க ஊசி வரை எல்லாம் போட்டிருந்தேன். அதையே மருத்துவரிடம் சொன்னபோது அவர், "ஊசி போட்டது வீண் இல்லைங்க. அதனாலதான் இவன் இவ்வளவு தெம்பா நடந்து வந்திருக்கான். ஆனா அந்தப் பாதுகாப்பு வருஷம் போகப் போகக் குறையும். இவனுக்குப் போட்டு எட்டு வருஷம் ஆச்சே," என்றார்.

மூக்கின் வழியாகப் பின்தொண்டை வரை மெல்லிய குச்சியை விட்டுச் சளி எடுத்து, பி.சி.ஆர். பரிசோதனைக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். இருமல் தொடங்கி மூன்று வாரத்துக்குள் எடுத்தால் இந்தப் பரிசோதனை நம்பகமாக இருக்கும், அதற்குப் பிறகு கிருமியின் அளவு குறைந்துவிடுவதால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். முடிவு வர மூன்று நான்கு நாட்கள் ஆகும் என்றார்கள். முடிவு வந்த பிறகு மருந்து தொடங்கலாமா என்று நான் கேட்டேன். மருந்தைச் சிக்கனமாகக் கையாள வேண்டும் என்று பழகிய என் தொழில் புத்தி அப்படிக் கேட்க வைத்தது. அவர் காத்திருக்க ஒப்புக்கொள்ளவில்லை, அதற்கான காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்.

இந்தக் கிருமி மூச்சுக்குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய மயிர்களில் ஒட்டிக்கொண்டு நச்சை வெளியிடுகிறது. சளி போலத் தோன்றும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில்தான் கிருமி மிகுந்த எண்ணிக்கையில் இருக்கும், பிறருக்கு அதிகமாகப் பரவுவதும் அப்போதுதான். அந்தக் கட்டத்தில் மேக்ரோலைடு என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வகை மருந்து கொடுத்தால் நோயின் கடுமை குறைய வாய்ப்பு உண்டு. அடுக்கிருமல் தொடங்கிய பிறகு மருந்து கிருமியைக் கொன்றாலும், நச்சு செய்துவிட்ட சேதம் அப்படியே இருக்கும், அந்த மயிர்கள் மெல்லத்தான் மீளும். ஆகவே என் மகனைப் பொறுத்தவரை பதின்மூன்றாம் நாளில் கொடுக்கும் மருந்து அவன் இருமலைப் பெரிதாகக் குறைக்கப் போவதில்லை. ஐந்து நாள் மருந்து முடிந்தால் அவனிடமிருந்து நோய் பரவாது, அவனுக்குக் கொடுப்பதன் முதன்மையான பயன் அதுதான். மருந்தே கொடுக்காமல் விட்டால், இருமல் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரம் வரை அவன் பரப்பிக்கொண்டே இருப்பான்.

குழந்தையின் நிலை இதற்கு நேர்மாறானது. அவளுக்கு இன்னும் இருமல் இல்லை. கிருமி உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்பட வழக்கமாக ஏழு முதல் பத்து நாட்களும், சில வேளைகளில் மூன்று வாரம் வரையும் ஆகும். மகன் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் படுத்திருந்ததால் அவளுக்குள் கிருமி ஏற்கெனவே புகுந்திருக்கலாம், ஆனால் இருமல் எழுவதற்கு முன் அதைப் பிடிக்கும் வாய்ப்பு இன்னும் சில நாட்களாவது இருந்தது. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தால் கைவிட்டுப் போகப் போவது அந்த நாட்கள்தான். வீட்டில் முதலில் நோயுற்றவருக்கு இருமல் தொடங்கி 21 நாட்களுக்குள் வீட்டிலுள்ள அனைவருக்கும், தடுப்பூசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த 21 என்ற எண்ணை இருபதாம் நாள் வரை பொறுத்திருக்கலாம் என்று புரிந்துகொண்டால் அது குழந்தைக்கு ஆபத்து. அதற்குப் பிறகு கொடுப்பதில் பயன் குறைவு என்பதற்கான எல்லைக்கோடு அது, அந்தக் கோட்டை நோக்கிக் கழியும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் கணக்கிலிருந்து கழிகிறது.

"வீட்ல மொத்தம் யார் யார்?" என்று மருத்துவர் கேட்டபோது ஐந்து பேர் என்று உடனே சொன்னேன்: நான், என் கணவர், மகன், அத்தை, நாத்தனார். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, "குழந்தைய யார் யார் தூக்குறாங்கன்னு சொல்லுங்க," என்றார். அப்போதுதான் கணக்கு மாறியது. நாத்தனாரின் கணவர் மேட்டுப்பாளையத்திலிருந்து சனிக்கிழமை தோறும் வந்து இரண்டு இரவு தங்குவார். தினமும் காலையில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார், காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது குழந்தையின் முகமும் அவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஒரே கூரையின் கீழ் தூங்காவிட்டாலும் அவர்கள் இருவரும் வீட்டாரே. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பட்டியலை ரேஷன் அட்டையைப் பார்த்து எழுதக் கூடாது, குழந்தை யார் கைகளுக்குப் போகிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

பெயர் வைத்த நாளில் வந்தவர்களையும் ஒவ்வொருவராக நினைவுபடுத்தினோம். அன்று இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள், இவர்களோடு நெருங்கிப் பழகுபவர்கள் ஆகியோரைத்தான் தேடினோம். கூடலூரிலிருந்து நான்கு மாதக் குழந்தையோடு வந்திருந்த ஓர் உறவுப் பெண் அந்தப் பட்டியலில் வந்தாள். சந்திப்பு நடந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால் அன்றே தொலைபேசியில் சொல்லி, அங்குள்ள மருத்துவரிடம் போக வைத்தேன். "அண்ணி வீட்டு விசேஷத்துக்கு வந்ததுக்கு இப்படியா," என்று அவள் அழுததைக் கேட்பது எளிதாக இல்லை, ஆனால் சங்கடப்பட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால் அது அதைவிடப் பெரிய பிழையாகியிருக்கும். பள்ளிக்கும் எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அன்று மாலையே தெரிவித்தோம்.

மருந்தின் அளவுக்கு வருகிறேன். இங்கே சொல்வது எங்கள் வீட்டாருக்கு அவரவர் எடையையும் வயதையும் பார்த்து மருத்துவர் எழுதித் தந்த அளவு. வேறொரு குழந்தைக்கு இதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது, கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது புரிந்தால் தவறு நேரும்போது கண்டுபிடிக்கலாம் என்பதற்காகவே எழுதுகிறேன். மருந்து, மேக்ரோலைடு வகையைச் சேர்ந்த அசித்ரோமைசின். நோய்க்குக் கொடுப்பதும் தடுப்புக்குக் கொடுப்பதும் ஒரே அளவுதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. என்று ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஐந்து நாட்களும் அதே அளவு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதல் நாள் மட்டும் கிலோவுக்கு 10 மி.கி., அடுத்த நான்கு நாட்கள் 5 மி.கி. பெரியவர்களுக்கு முதல் நாள் 500 மி.கி., பிறகு நான்கு நாட்கள் 250 மி.கி. மகன் 48 கிலோ இருந்ததால் பெரியவர்களின் அளவே அவனுக்கும் சரியாக வந்தது.

குழந்தையின் எடை 3.6 கிலோ. ஆகவே நாளொன்றுக்கு 36 மி.கி. நம் கடைகளில் அசித்ரோமைசின் சிரப் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது: 5 மி.லி.க்கு 100 மி.கி. உள்ளது ஒன்று, 5 மி.லி.க்கு 200 மி.கி. உள்ளது மற்றொன்று. முதல் வகையில் 36 மி.கி. என்பது 1.8 மி.லி., இரண்டாம் வகையில் 0.9 மி.லி. மருத்துவர் 100 மி.கி. வகையை எழுதி, 1.8 மி.லி. என்று குறித்திருந்தார். நாங்கள் போன கடையில் அது இருப்பில் இல்லை, பெட்டியும் நிறமும் ஏறக்குறைய ஒன்று போலிருந்த 200 மி.கி. வகையைக் கொடுத்து, "அதே மருந்துதான்," என்றார்கள். சீட்டில் இருந்தபடி அதில் 1.8 மி.லி. கொடுத்திருந்தால் பிறந்து 26 நாளான குழந்தைக்கு 72 மி.கி., அதாவது இரட்டிப்பு அளவு போயிருக்கும். நான் தொழில் பழக்கத்தால் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பார்க்காதவர்களே அதிகம் என்பதும் என் தொழிலில் நான் கண்டதுதான். ஆகவே சீட்டில் மி.லி. அளவோடு மி.கி. அளவையும் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள், கடையில் புட்டியின் வலிமையைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடியில் ஊற்றி அளக்காமல், ஊசி இல்லாத 2 மி.லி. சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும்.

பெரியவர்களுக்கு வேறு விதமான குழப்பம் வந்தது. என் கணவர் வாங்கப் போனபோது 500 மி.கி. மாத்திரை மூன்றைக் கொடுத்து, நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தொண்டை வலிக்கும் சளிக்கும் அப்படி எழுதப்படுவதைப் பார்த்துப் பழகிய கை அது. மொத்த அளவு இரண்டிலும் 1500 மி.கி.தான், ஆனாலும் கக்குவானுக்கு வகுக்கப்பட்ட முறை ஐந்து நாள். மருத்துவர் எழுதியபடியே நடப்போம் என்று 250 மி.கி. மாத்திரைகளை மாற்றி வாங்கினோம்.

அத்தைக்கு அசித்ரோமைசின் கொடுக்க முடியவில்லை. அவருக்கு 67 வயது, இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்காகப் பல ஆண்டுகளாக மருந்து எடுத்து வருபவர். மேக்ரோலைடு மருந்துகள் சிலருக்கு இதயத்தின் மின்துடிப்பில் க்யூ.டி. எனப்படும் இடைவெளியை நீட்டி, ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கக் கூடும். மருத்துவர் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், அதில் அந்த இடைவெளி ஏற்கெனவே நீண்டிருந்தது. ஆகவே சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியம் அளவையும் பார்த்த பிறகு, சல்ஃபா கலந்த கோ-டிரைமாக்சசோல் 14 நாட்களுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த மாற்று மருந்தை இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், அப்படிப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவருக்கும், பிரசவம் நெருங்கியவருக்கும் கொடுக்கக் கூடாது, குழந்தையின் மஞ்சள் காமாலையை அது மூளைக்கு ஆபத்தாக மாற்றக் கூடும். ஒரே வீட்டில் அத்தைக்கு உகந்தது நாத்தனாருக்கு ஆகாது என்பதால், இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு டப்பாவில் பெயர் எழுதி வைத்தேன்.

குழந்தைக்கு எரித்ரோமைசின் ஏன் இல்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. முன்பு கக்குவானுக்கு அதுதான் வழக்கமான மருந்தாக இருந்தது. 1999இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாக்ஸ்வில் நகரில், ஒரு மருத்துவமனையில் பிறந்த பச்சிளங்குழந்தைகளுக்குக் கக்குவான் தடுப்பாக எரித்ரோமைசின் கொடுத்தபோது, அவர்களில் ஏழு பேருக்கு இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழி அடைபடும் நோய் வந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதன் பிறகே ஒரு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் முதல் தேர்வானது. அதிலும் அந்த ஆபத்து முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே மருந்து முடிந்த பிறகும் ஆறு வாரம் குழந்தையைக் கவனிக்கச் சொன்னார் மருத்துவர். பால் குடித்தபின் கடைவாயில் ஒழுகுவது எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. பீய்ச்சி அடிப்பது போல எட்டிப் போய் விழும் வாந்தி, வாந்தி எடுத்த உடனே மறுபடி பசித்து அழுவது, எடை ஏறாமல் நிற்பது, இவைதான் அந்த அடைப்பின் அடையாளங்கள். வாரம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே தராசில் எடை பார்த்து எழுதி வைத்தோம்.

மருந்து தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாட்கள் மகனும் என் கணவரும் முன்கூடத்துக்கு மாறினார்கள். மகன் அந்த அறையில் நுழையவே இல்லை. குளிரைப் பொறுத்துக்கொண்டு பகலில் இரண்டு சன்னல்களைத் திறந்து வைத்தோம். நாத்தனார் தாய்ப்பாலை நிறுத்தவில்லை, நிறுத்தவும் தேவையில்லை, முகக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டாள். இரண்டாம் நாளில் மருந்து கொடுத்துப் பத்து நிமிடத்துக்குள் குழந்தை முழுவதையும் கக்கிவிட்டாள். மருத்துவரை அழைத்துக் கேட்டு, அவர் சொன்னபடி அதே அளவை மீண்டும் கொடுத்தேன்.

மருந்தின் மூன்றாம் நாள் மாலையில் குழந்தைக்கு மூக்கு அடைத்தது, இரண்டு முறை சிறிதாக இருமினாள். அவ்வளவுதான். அதைக் கேட்டதும் என் கைகால் ஓய்ந்தது. ஏனென்றால் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையிடம் கக்குவான் பெரிய இருமலாகவே வராமல் போகலாம். கூவல் இருக்காது, வாந்தி இருக்காது, மூச்சு மட்டும் நின்று போகும். உதடும் வாயைச் சுற்றிய தோலும் நீலம் பாய்வது, மூச்சு இருபது நொடிக்கு மேல் நிற்பது, பால் குடிக்கும்போது களைத்து விட்டுவிடுவது, உடல் துவள்வது, இவற்றில் எது வந்தாலும் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல. மலையில் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை, மூடுபனி இறங்கிய இரவில் அதில் வண்டி ஊர்ந்துதான் போகும், வழியில் குழந்தையின் மூச்சு நின்றால் கையில் பிராணவாயுவும் இருக்காது. காலை வரை பார்ப்போம் என்று அத்தை சொன்னார். நான் கேட்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே மருத்துவரை அழைத்தோம், அவர் உடனே சேர்க்கச் சொன்னார்.

மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தோம். குழந்தையின் காலில் பிராணவாயு அளவைக் காட்டும் கருவியைப் பொருத்தி, ஒவ்வோர் இருமலையும் அதன் போது நிறம் மாறுகிறதா என்பதையும் ஒரு தாளில் குறிக்கச் சொன்னார்கள். இரத்தத்தில் வெள்ளணுக்களை இரண்டு முறை எண்ணினார்கள். கக்குவான் முற்றும் கைக்குழந்தைகளிடம் இந்த எண்ணிக்கை, குறிப்பாக நிணவணுக்கள், வேகமாக ஏறும். 30,000ஐத் தாண்டினால் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் முதல் எண்ணிக்கையைவிட அது ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் குழந்தைக்கு 11,800, மறுநாள் 12,400, இரண்டுமே அந்த வயதுக்கு இயல்பானவை. மருந்தை மாற்றவில்லை, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த அளவே சிகிச்சைக்கான அளவும் என்பதால் அதையே முடித்தார்கள். மூச்சு ஒரு முறையும் நிற்கவில்லை.

இதற்கிடையில் மகனின் பரிசோதனை முடிவு கக்குவான் என்று உறுதியாக வந்தது. குழந்தையிடம் எடுத்த சளியில் கிருமி இல்லை என்று வந்தது, ஆனால் மூன்று நாள் மருந்து உள்ளே போன பிறகு எடுத்த சளியில் கிருமி இல்லாமல் போவது இயல்பு. அவளுக்கு வந்தது வெறும் சளியா, தொடங்கும் முன்பே தடுக்கப்பட்ட கக்குவானா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மருந்துதான் காப்பாற்றியது என்று நானும் எழுத மாட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் எல்லோருடைய மாத்திரை அட்டையையும் எண்ணிப் பார்த்தேன். குளிப்பாட்டும் பாட்டியின் அட்டையில் மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது. வெறும் வயிற்றில் போட்டு வயிறு வலித்ததால் இரண்டு நாளோடு நிறுத்தியிருக்கிறார். "இருமலே இல்லாத எனக்கு எதுக்கும்மா மாத்திரை," என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அவருக்கு நோய் இருப்பதாக நினைத்துக் கொடுக்கவில்லை, அவரிடம் கிருமி ஒளிந்திருந்தால் அது குழந்தையைத் தொடக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிறோம் என்று முதல் நாளே நான் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டு, சாப்பிட்ட பிறகு போடும்படி சொல்லி, மீதி நாட்களை முடிக்க வைத்தேன், அதுவரை குழந்தையை நாத்தனாரே குளிப்பாட்டினாள்.

என்னை இன்னும் உறுத்துவது கர்ப்ப காலத்தில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று. நாத்தனாருக்கு அரசு அட்டவணைப்படி டி.டி. ஊசிகள் போட்டிருந்தன. அதில் வில்வாதமும் தொண்டை அடைப்பானும் மட்டுமே உண்டு, கக்குவான் கூறு இல்லை. கக்குவான் கூறும் சேர்ந்த டிடாப் ஊசியைக் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால், தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போய், அதன் முதல் தடுப்பூசி வரையிலான இடைவெளியை ஓரளவு காக்கும். தனியாரிடம் விலை கொடுத்துப் போட வேண்டிய ஊசி அது. பெயர்கள் ஒன்று போல் ஒலிப்பதால், ஊசி போட்டாயிற்று என்ற பதிலோடு நான் நிறுத்திக்கொண்டேன். குழந்தைக்கு ஆறு வாரம் முடிந்த அன்றே ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலண்ட் ஊசியின் முதல் தவணையைப் போட்டோம், முன்பு கொடுத்த அசித்ரோமைசின் அதற்குத் தடை இல்லை. ஒரு தவணை மட்டும் போதிய காப்பு தராது என்பதால் பத்தாம் வாரத்தையும் பதினான்காம் வாரத்தையும் நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டு வைத்தோம். ஆறு வார எடைக் கணக்கில் வாந்தியோ தேக்கமோ இல்லை.

மகன் ஐந்து நாள் மருந்து முடித்துப் பள்ளிக்குத் திரும்பியபோதும் இருமிக்கொண்டுதான் இருந்தான். நோய் தீராமல் அனுப்பிவிட்டோம் என்று வகுப்பில் சிலர் வருந்தினார்கள். மருந்து முடிந்தவன் இருமினாலும் பரப்பமாட்டான் என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தேன். வீட்டிலும் இன்னொரு முறை அதே மருந்தைக் கொடுக்கச் சொல்லி அத்தை பலமுறை கேட்டார். கொடுக்கவில்லை, ஏனென்றால் கொல்லப்பட வேண்டிய கிருமி அங்கே இனி இல்லை. இரவு உணவைச் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கொடுத்தோம், படுக்கும் அறையில் விறகுப் புகை வராமல் பார்த்துக்கொண்டோம், இருமல் வரும்போது நிமிர்த்தி உட்கார வைத்தோம். பொங்கலுக்குப் பிறகு வாந்தி நின்றது. மாசியில் அவனுக்குச் சாதாரணச் சளி பிடித்தபோது அந்த அடுக்கிருமல் நான்கைந்து நாட்களுக்கு மறுபடி தலைகாட்டியது. இப்படி வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், இம்முறை அந்த ஓசை கேட்டும் வீட்டில் யாரும் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை.